30 லட்சம் பாக்கி, 9லிருந்து 8 சதவீதத்துக்கு மாத்தினா செலவு எத்தனை மாசத்துல திரும்பும்?

கொளத்தூர்க்காரன் | 12 ஜூலை 2025, காலை 9.10

கடன் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்துல இருக்கு. பாக்கி அசல் 30,00,000. மிச்சம் 168 மாசம். வட்டி 9 சதவீதம், மாறும் வட்டி. இஎம்ஐ 31,468.

ஒரு வங்கியோட ஏஜென்ட் 8 சதவீதத்துக்கு டேக் ஓவர் பண்ணித் தர்றேங்கறார். 20 வருஷத்துக்குப் போட்டா இஎம்ஐ 25,093தான். மாசம் 6,375 மிச்சம். பிராசஸிங் பீஸ் 0.35 சதவீதம், ஜிஎஸ்டி சேர்த்து 12,390. அப்படின்னா ரெண்டே மாசத்துல போட்ட காசு திரும்பிடுது. இதுல நான் பார்க்காம விட்டது ஏதாவது இருக்கா?

மணிக்கணக்கு | 12 ஜூலை, காலை 9.48

இருக்கு. பழைய இடத்துல முன்கூட்டியே அடைச்சா 2 சதவீதம் அபராதம் போடுவாங்க. 60,000 போச்சு. அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

ஓய்வில்_மேலாளர் | 12 ஜூலை, காலை 11.30

மணி சொல்வது பழைய காலத்துக் கதை. தனிநபர் பெயரில் உள்ள, மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் கிடையாது. வங்கிகளுக்கு இதை ரிசர்வ் வங்கி 2012இலேயே தடை செய்துவிட்டது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் அதே விதிதான். பணம் வேறொரு வங்கியிலிருந்து வந்தாலும் போட முடியாது. நிலையான வட்டிக் கடன் என்றால்தான் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு: அந்த 6,375இல் பெரும்பகுதி வட்டி குறைந்ததால் வந்ததல்ல, 72 மாதம் கூடுதலாகக் கட்டப் போவதால் வந்தது. இப்போதைய கடனில் இனி கட்ட வேண்டியது 31,468 × 168 = 52,86,624. ஏஜென்ட் சொன்னபடி போனால் 25,093 × 240 = 60,22,320. வட்டியைக் குறைத்துவிட்டு 7,35,696 அதிகம் கட்டுகிறீர்கள்.

ஒப்பிடுவதானால் மீதி இருக்கும் அதே 168 மாதத்துக்குத்தான் ஒப்பிட வேண்டும். எக்ஸெலில் இப்படிப் போடுங்கள்:

```
=PMT(8%/12,168,-3000000)
```

29,740 வரும். உங்கள் உண்மையான மாத மிச்சம் 1,728.

கொளத்தூர்க்காரன் | 12 ஜூலை, மதியம் 1.05

6,375ன்னு நினைச்சது 1,728 ஆயிடுச்சா! சரி, 12,390ஐ 1,728ஆல வகுத்தா 7.2 வருது. எட்டு மாசம். அப்பவும் மோசமில்லையே?

பத்திரமேசை | 12 ஜூலை, மாலை 6.20

தம்பி, எம்ஓடியை, அதாவது பத்திரத்தை அடமானமா ஒப்படைச்சதுக்குப் பதியற ஆவணத்தை, விட்டுட்டீங்க. பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த எம்ஓடி புது வங்கிக்குச் செல்லாது. புதுசா பதியணும். தமிழ்நாட்டுல கடன் தொகைக்கு அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, உச்சவரம்பு 30,000. உங்களுக்கு 15,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ஆனா 6,000க்கு மேல போகாது. ஆக 21,000. இது அரசாங்கத்துக்குப் போற பணம். "பிராசஸிங் பீஸ் தள்ளுபடி"ன்னு வங்கி விளம்பரம் பண்ணினாலும் இது தள்ளுபடி ஆகாது.

அப்புறம் பழைய எம்ஓடியை ரத்து பண்ண ரசீது ஆவணம் பதியணும். அதோட அரசுக் கட்டணம் சின்னதுதான். எழுத்தர் கூலி, அலைச்சல் எல்லாம் சேர்த்து 2,500 வையுங்க. பழைய நிறுவனத்து ஆள் சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும். அவருக்குத் தேதி கிடைக்கிறதுதான் பாடு. அதைப் பதியாம விட்டா வில்லங்கச் சான்றுல பழைய கடன் அப்படியே நிக்கும். கடன் அடைஞ்சு பத்து வருஷம் கழிச்சு வீட்டை விக்கும்போது வாங்கறவரோட வக்கீல் அதைத்தான் முதல்ல கேப்பார்.

கொளத்தூர்க்காரன் | 13 ஜூலை, காலை 8.15

எம்ஓடி பத்தி ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லல. நேத்து ராத்திரி கேட்டேன், "அது கவர்மென்ட் சார்ஜ் சார், நம்ம சார்ஜ் இல்ல"ங்கறார்! லீகல் ஒப்பீனியனும் வேல்யூயேஷனும் சேர்த்து 6,000னு இப்பதான் சொல்றார்.

ஓய்வில்_மேலாளர் | 13 ஜூலை, காலை 10.40

இன்னொன்றும் சேருங்கள்: இரட்டை வட்டி நாட்கள். புது வங்கி காசோலை எழுதிய தேதியிலிருந்து அவர்கள் வட்டி ஓடத் தொடங்கும். அது பழைய நிறுவனத்தின் கணக்கில் வரவாகும் வரை அங்கேயும் வட்டி ஓடும். 30 லட்சத்துக்கு 8 சதவீதத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 657 ரூபாய். ஆறு நாள் இழுத்தால் 3,950 போல ஆகும்.

எல்லாவற்றையும் கூட்டினால்: பிராசஸிங் 12,390, வக்கீல் மற்றும் மதிப்பீடு 6,000, எம்ஓடி 21,000, ரத்து 2,500, இரட்டை வட்டி 3,950, செர்சாய் என்னும் மத்திய அடமானப் பதிவேட்டுக்கு நூற்றுச் சொச்சம். சுமார் 46,000.

46,000ஐ 1,728ஆல் வகுத்தால் 26.6. அதாவது 27 மாதம். நீங்கள் முதலில் போட்ட இரண்டு மாதம் இங்கே வந்து நிற்கிறது.

வசந்தா_அம்பத்தூர் | 13 ஜூலை, மதியம் 2.25

மேலாளர் சார், 27ங்கறது கொஞ்சம் கூடத் தெரியுது. முதல் மாச வட்டியை மட்டும் பாருங்க. பழைய கடன்ல 22,500, புதுசுல 20,000. வித்தியாசம் 2,500. இஎம்ஐ வித்தியாசம் 1,728தான்னா மீதி 772 எங்க போச்சு? அசல்ல போயிருக்கு. புதுக் கடன்ல அசல் முதல் மாசமே 9,740 குறையுது, பழசுல 8,968தான். அதுவும் நம்ம பணம்தானே.

ஓய்வில்_மேலாளர் | 13 ஜூலை, மாலை 4.50

அம்மா சொல்வது சரி, நான் பாதிக் கணக்கோடு நின்றுவிட்டேன். வட்டி வித்தியாசத்தை வைத்துப் போட்டால், அது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதையும் சேர்த்து, 19ஆவது மாதத்தில் 46,000 திரும்பிவிடும்.

இரண்டுமே சரியான விடைகள்தான், கேள்வி வேறு. கையில் மிஞ்சும் ரொக்கத்தைக் கொண்டு செலவு எப்போது திரும்பும் என்றால் 27. இருபதாவது மாதம் வீட்டை விற்றுக் கடனை அடைத்தால் நஷ்டமா என்று கேட்டால் 19தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அன்று அடைக்க வேண்டிய பாக்கியும் குறைவாக இருக்கும்.

தேனி_ராசு | 13 ஜூலை, இரவு 9.35

எதுக்குண்ணே இவ்ளோ அலைச்சல்? கைல 46,000 இருக்குல்ல, அதை அப்படியே அசல்ல கட்டிருங்க. ஜோலி முடிஞ்சுது.

வசந்தா_அம்பத்தூர் | 13 ஜூலை, இரவு 10.10

ராசு, கேள்வி அதில்லப்பா. 46,000 அசல்ல கட்டினா 168 மாசத்துக்கு இஎம்ஐ 482 குறையும். மாத்தினா 1,728 குறையுது. ரெண்டும் ஒண்ணாகுமா?

கணேஷ்_தாம்பரம் | 14 ஜூலை, காலை 7.30

எனக்கு 9 லட்சம்தான் பாக்கி, 48 மாசம் இருக்கு, நானும் 9 சதவீதம்தான். 8க்கு மாத்தலாமா?

ஓய்வில்_மேலாளர் | 14 ஜூலை, காலை 9.00

வேண்டாம். இஎம்ஐ 22,397லிருந்து 21,972க்கு வரும். மாதம் 425, நான்கு வருடத்துக்கு மொத்தம் 20,400தான். செலவோ எம்ஓடிக்கு மட்டும் 4,500உம் 6,000உம் சேர்த்து 10,500. மற்றதைக் கூட்டினால் 20,400ஐத் தாண்டிவிடும். கடைசி வருடங்களில் இஎம்ஐயில் வட்டியின் பங்கு சிறுத்துவிடுகிறது, குறைப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கொளத்தூர்க்காரன் | 19 ஜூலை, காலை 11.45

புதுத் தகவல். கடனை முழுசா அடைக்க எவ்வளவுன்னு சொல்ற ஃபோர்குளோஷர் லெட்டர் கேட்டு பழைய நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். மறுநாளே போன் வந்துடுச்சு. "சார் ஏன் போறீங்க, 8.40க்கு நாங்களே குறைச்சுத் தர்றோம்"னு. கன்வர்ஷன் பீஸ் கால் சதவீதம், ஜிஎஸ்டியோட 8,850. இத்தனை வருஷமா இந்த 8.40 எங்க இருந்துச்சுன்னு கேக்கத் தோணிச்சு, கேக்கல.

மணிக்கணக்கு | 19 ஜூலை, மதியம் 12.20

8.40 எங்க, 8 எங்க. 14 வருஷம் இருக்கு, யோசிக்காம மாத்துங்க.

ஓய்வில்_மேலாளர் | 19 ஜூலை, மாலை 5.15

யோசிக்க வேண்டிய இடமே இதுதான். இனி 9க்கும் 8க்கும் போட்டியில்லை, 8.40க்கும் 8க்கும்தான் போட்டி.

8.40இல் இஎம்ஐ 30,425. மாத மிச்சம் 1,043, செலவு 8,850, ஒன்பது மாதத்தில் திரும்பிவிடும். பத்திரம் எங்கும் போகாது, எம்ஓடி கிடையாது. இதற்கு மேல் வங்கிக்குப் போவதால் கிடைப்பது 30,425க்கும் 29,740க்கும் உள்ள 685 ரூபாய்தான். அந்த 685க்காகக் கூடுதலாகச் செலவழிப்பது 46,000 கழித்தல் 8,850, அதாவது 37,150. வகுத்தால் 54 மாதத்துக்கும் மேல். வசந்தா அம்மாவின் வழியில் வட்டி வித்தியாசத்தை வைத்துப் போட்டாலும் மூன்று வருடத்துக்குக் குறையாது.

தேனி_ராசு | 19 ஜூலை, இரவு 8.40

அப்ப நான் சொன்னதை இங்க போட்டுப் பாருங்கண்ணே. 8.40க்கு மாத்திட்டு அந்த 37,150ஐ அசல்ல கட்டினா?

வசந்தா_அம்பத்தூர் | 19 ஜூலை, இரவு 9.25

அன்னிக்குச் சிரிச்சதுக்கு மன்னிப்பு, ராசு. போட்டேன். 37,150 அசல்ல போனா 8.40லயே இஎம்ஐ இன்னும் 377 குறையுது. வங்கிக்குப் போனா கூடுதலா 685. ஆக வங்கிக்குப் போறதோட நிகர லாபம் மாசம் 308. அதுக்குத்தான் சார்பதிவாளர் ஆபீஸ், லீகல், வேல்யூயேஷன், ஐடி ரிட்டர்ன் காப்பி எல்லாம்.

தேனி_ராசு | 19 ஜூலை, இரவு 9.31

கேள்வி புரியாமலே பதில் சொல்றதுல ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்யுது.

மணிக்கணக்கு | 20 ஜூலை, காலை 10.05

வங்கிக் கடன் ரெப்போவோட, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தர்ற வட்டியோட, கட்டின கடன். ஜூன்ல அரை சதவீதம் குறைச்சாங்க, ரெப்போ இப்ப 5.50. இன்னும் குறைஞ்சா வங்கில தானா குறையும். அந்த நிறுவனத்துல குறைப்பாங்களா? அந்த 308ஐ மட்டும் பார்த்தா எப்படி?

ஓய்வில்_மேலாளர் | 20 ஜூலை, மாலை 3.40

இந்தத் தடவை மணியின் கேள்வி நல்ல கேள்வி. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன் வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி மறுநிர்ணயம் ஆக வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவர்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அது இரு பக்கமும் வெட்டும். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.50 ஆனது. அப்போது ரெப்போவோடு கட்டியவர்களுக்குத்தான் அது முழுதாக, உடனே இறங்கியது. இனி குறையுமா ஏறுமா என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன்.

பத்திரமேசை | 22 ஜூலை, காலை 8.50

வங்கிக்கே போறதா முடிவு பண்ணினா ரெண்டு விஷயம்.

ஃபோர்குளோஷர் லெட்டர்ல "இந்தத் தேதி வரை செல்லும்"னு போட்டிருக்கும். லெட்டர் 10ஆம் தேதி வரைக்கும், காசோலை 14ஆம் தேதி போய்ச் சேருதுன்னு வையுங்க. நாலு நாள் வட்டி, உங்க கணக்குக்கு நாளைக்கு 740 வீதம் 2,960 துண்டு விழும். 30 லட்சம் கட்டியும் கணக்கு மூடியிருக்காது. யாரும் போன் பண்ணிச் சொல்லவும் மாட்டாங்க. பத்திரம் வரலையேன்னு போய்க் கேக்கும்போதுதான் தெரியும். அதனால லெட்டர் வாங்கும்போதே பத்து நாள் தள்ளித் தேதி கேளுங்க. நடுவுல இஎம்ஐ தேதி வராம பார்த்துக்குங்க.

ரெண்டாவது, எல்ஓடி. உங்க பத்திரங்கள் என்னென்ன அவங்ககிட்ட இருக்குன்னு பட்டியல். கடன் வாங்கும்போது கொடுத்த ஒப்புகைச் சீட்டோட வரிவரியா ஒத்துப் பாருங்க. மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம், பிளான் அப்ரூவல். ஒண்ணு குறைஞ்சாலும் புது வங்கி வக்கீல் நிறுத்திடுவார். அதுக்குள்ள பணம் கைமாறியிருந்தா ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க மாட்டிக்குவீங்க.

கணேஷ்_தாம்பரம் | 22 ஜூலை, காலை 9.30

பத்திரம் தர லேட் ஆனா ஒரு நாளைக்கு 5,000 தரணும்னு படிச்சேனே?

ஓய்வில்_மேலாளர் | 22 ஜூலை, காலை 11.10

ஆம், 2023 டிசம்பர் 1 முதல். ஆனால் கடன் முழுவதும் அடைந்து 30 நாள் கழிந்த பிறகுதான், அதுவும் தாமதம் அவர்கள் பக்கத்தில் இருந்தால்தான். பத்திரமேசை சொன்ன 2,960 பாக்கி நின்றால் கடனே அடையவில்லை என்று ஆகிவிடும், 30 நாள் எண்ணவே தொடங்காது.

வசந்தா_அம்பத்தூர் | 23 ஜூலை, மாலை 7.00

சாங்ஷன் லெட்டர்ல கடன் தொகையையும் பார்த்துக்குங்க. என் தங்கைக்கு 30 கேட்டதுக்கு 30,72,000னு வந்துச்சு. 72,000 கடன் காப்பீட்டு பிரீமியம், கடனோடயே சேர்த்து. வேண்டாம்னு எழுத்துல கொடுத்தப்புறம் எடுத்தாங்க. அது கணக்குல ஏறியிருந்தா இங்க போட்ட மாசக் கணக்கு ஒண்ணும் நிக்காது.

கொளத்தூர்க்காரன் | 16 செப்டம்பர், காலை 10.20

8.40க்கு பழைய இடத்துலயே மாத்திட்டேன். 8,850 கட்டியாச்சு. ஆனா லெட்டர்ல இஎம்ஐ அதே 31,468ன்னு இருக்கு! குறையவே இல்ல. ஏமாத்திட்டாங்களா?

ஓய்வில்_மேலாளர் | 16 செப்டம்பர், மதியம் 12.00

அதே லெட்டரில் மீதித் தவணை எத்தனை என்று பாருங்கள்.

கொளத்தூர்க்காரன் | 16 செப்டம்பர், மதியம் 12.08

157. ஓ... 166 இருக்க வேண்டியது.

ஓய்வில்_மேலாளர் | 16 செப்டம்பர், மதியம் 12.40

வட்டிக் குறைப்பை இஎம்ஐயில் காட்டாமல் காலத்தில் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் கட்டும் மொத்த வட்டிக்கு இது நல்லதுதான். கையில் ரொக்கம் வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள். வட்டி மறுநிர்ணயத்தின்போது இரண்டில் எது என்று தேர்வு செய்யும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வங்கிக்குப் போனவர்களும் இதைச் செய்யலாம். 8 சதவீதத்தில் பழைய 31,468ஐயே கட்டினால்:

```
=NPER(8%/12,-31468,3000000)
```

151.9 வரும். 168இல் 16 தவணை மிச்சம், ஐந்து லட்சத்துக்கும் மேல்.

மணிக்கணக்கு | 3 அக்டோபர், காலை 9.15

பார்த்தீங்களா, வங்கி ரெப்போவுக்கு மேல வைக்கற தன்னோட ஸ்பிரெட்டை மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்தலாம்னு இருந்ததைத் தளர்த்திட்டாங்க. கடன் வாங்கினவருக்கு லாபம்னா முன்னாடியே குறைக்கலாம். கொளத்தூர் சார் போய்க் கேளுங்க.

வசந்தா_அம்பத்தூர் | 3 அக்டோபர், காலை 9.50

அவர் இருக்கறது வங்கில இல்ல, வீட்டுக்கடன் நிறுவனத்துல. அது வங்கிக் கடனுக்கான விதி. ஏற்கெனவே வங்கில கடன் வச்சிருக்கறவங்க போய்க் கேக்கலாம். குறைக்கலாம்னுதான் இருக்கு, குறைக்கணும்னு இல்ல.

மணிக்கணக்கு | 6 டிசம்பர், காலை 8.05

நேத்து ரெப்போ 5.25. அந்த வங்கி 8 இப்ப 7.75 ஆயிருக்கும். நான் அன்னிக்கே சொன்னேன்.

கொளத்தூர்க்காரன் | 6 டிசம்பர், காலை 10.30

வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க மணி. மறுபடி போட்டுப் பார்த்தேன். பாக்கி இப்ப 29.50 லட்சம். 8.40க்கும் 7.75க்கும் 0.65 வித்தியாசம், முதல் மாச வட்டில கிட்டத்தட்ட 1,600. கட்டின 8,850 போனது போனதுதான், அதைக் கணக்குல சேர்க்கல. 46,000ஐ வகுத்தா 29, முப்பது மாசம். சரியா?

ஓய்வில்_மேலாளர் | 6 டிசம்பர், மதியம் 1.20

வழி சரி. ஆனால் 46,000ஐ அப்படியே எடுக்காதீர்கள், அது ஜூலை விலை. பிராசஸிங் தள்ளுபடி கிடைத்தால் 12,390 போய்விடும், 33,600க்கு 21, 22 மாதம் ஆகும். பழைய நிறுவனமும் தன் விகிதத்தைக் குறைக்கிறதா என்று ஜனவரி வரை பார்ப்பது என் யோசனை.

மணிக்கணக்கு | 6 டிசம்பர், மதியம் 1.45

குறைக்க மாட்டாங்க.

பத்திரமேசை | 6 டிசம்பர், மாலை 6.10

எதுக்கும் ஒரு வில்லங்கம் போட்டு வையுங்க தம்பி. இப்ப இருக்கற எம்ஓடில உங்க பேர், சர்வே எண் எல்லாம் சரியா ஏறியிருக்கான்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லது.

கொளத்தூர்க்காரன் | 8 டிசம்பர், காலை 9.00

வில்லங்கம் போட்டாச்சு. எம்ஓடி சரியாத்தான் இருக்கு. ஆனா நான் வாங்கறதுக்கு முன்னாடி இந்த இடத்து மேல 2009ல யாரோ போட்ட இன்னொரு எம்ஓடி ரத்தாகாம நிக்குது. இதுக்கு இப்ப யாரைப் போய்ப் பிடிக்கறது?

பத்திரமேசை | 8 டிசம்பர், காலை 9.25

ஆவண எண்ணைப் போடுங்க, பார்க்கறேன். வேண்டாம், இங்க போடாதீங்க. தனியா அனுப்புங்க.